இருபதாவது நிமிடத்தில் பாருங்கள்

முதல் ஐந்து நிமிடம் எந்தச் சிப்பும் துள்ளும். 90 ஃப்ரேம் வேகத்தில் ஒரு படத்தை 11 மில்லி விநாடிக்குள் வரைந்தாக வேண்டும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திக்கும்.

3DMark செயலியின் Wild Life Stress Test ஒரே காட்சியை 20 நிமிடம், 20 சுற்று ஓட்டுகிறது. 10,000 புள்ளியில் தொடங்கி 5,500-க்குச் சரியும் போனைவிட, 7,500-இல் தொடங்கி 7,000-இல் நிற்பதையே நான் வாங்குவேன்.

தயாரிக்கும் ஆலையும் முக்கியம். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் உருவாகிச் சூட்டுக்குப் பேர்போனது. 2022இல் ஏறக்குறைய அதே வடிவமைப்பு டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறி 8+ ஜென் 1 ஆனது. மின்செலவும் சூடும் குறைந்தன.

ஒரே சிப் மெலிந்த போனில் திணறும், நல்ல குளிர்விப்பு உள்ள போனில் தாங்கும். அதனால் வாங்கப்போகும் போனிலேயே சோதியுங்கள், ஏசி அறையில் வேண்டாம்.