தடிமனுக்கு ஒரு பெயர் வேண்டுமா?

கார்த்திகை பிறந்தால் லாச்சப்பலில் இருமாத வீடு இருக்காது. ஃபோபூர் சென்-தெனி வீதியில் மரக்கறி வாங்க வருபவர்களும் ஒரு கையில் கைக்குட்டையோடுதான் வருகிறார்கள். அப்படியொரு நாள் நள்ளிரவில் என் இரண்டு வயதுப் பேரன் நாய் குரைப்பதுபோல இருமிக்கொண்டு எழும்பினான். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஓசையும் கேட்டது.

வைத்தியர் அவனை அழவிடாமல் மடியில் வைத்தபடியே பார்த்தார். நெஞ்சு உள்வாங்குகிறதா, அழாதபோதும் அந்த ஓசை கேட்கிறதா என்பதே அவர் கவனம். பின்னர் வாயால் ஒரேயொரு வேளை ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தார். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்கவில்லை.

"மாமா, என்ன கிருமி எண்டு பாக்காமல் எப்பிடி மருந்து குடுக்கிறது?" என்று மருமகன் என்னிடம் குறைப்பட்டார். நியாயமான கேள்விதான்.

இந்தக் குரைப்பு இருமலுக்குப் பெரும்பாலும் காரணம் பாராஇன்ஃபுளுவென்சா வைரசு. அது குரல்நாணுக்குக் கீழே வீக்கத்தை உண்டாக்குகிறது. குழந்தையின் மூச்சுக்குழல் ஒடுங்கியது என்பதால் சிறு வீக்கமே வழியை அடைத்துவிடும். 2004இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட என்.எல்.63 என்ற கொரோனா வைரசும் இதே இருமலைத் தரும். அது கொவிட் அல்ல. ஆண்டுதோறும் தடிமன் தரும் நான்கு பழைய கொரோனா வைரசுகளில் ஒன்று. இந்த இரண்டுக்கும் வழக்கத்தில் வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. ஸ்டீரொயிட் குறைப்பது வீக்கத்தை. எனவே பரிசோதனையில் எந்தப் பெயர் வந்தாலும் பேரனுக்கு அதே மருந்துதான்.

பெயர் நம்மை ஏமாற்றவும் கூடும். அடினோ வைரசு கடும் காய்ச்சல், தொண்டைப் புண், சிவந்த கண் என்று வரும். நோய் மாறிய பின்னும் தொண்டைச் சதையில் தங்கி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வெளிவரும். ஆகவே இன்றைய பரிசோதனையில் அகப்படுவது போன மாதக் கிருமியாகவும் இருக்கலாம். அதை நம்பி வேறு காரணத்தைத் தேடாமல் விட்டால்தான் ஆபத்து.

இன்ஃபுளுவென்சாவுக்கும் கொவிட்டுக்கும் முதல் நாட்களில் கொடுக்கும் மருந்து உண்டு. முதியோருக்கும் நாட்பட்ட நோயாளருக்கும் அந்தப் பரிசோதனை பயன் தரும். உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கும் எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கும் அடினோ வைரசைத் தேடத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு முடிவு எதுவானாலும் பரசிட்டமோல், நீராகாரம், ஓய்வு. வைரசுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது; அதைக் கண்டபடி எடுக்காதீர்கள் என்று பிரான்சின் மருத்துவக் காப்புறுதி 2002இலேயே நாடெங்கும் பிரசாரம் செய்தது.

சில மணி நேரத்தில் பேரன் அமைதியாகத் தூங்கினான். அமைதியாக இருக்கும்போதே கீச்சொலி கேட்டாலோ, விலாவுக்குக் கீழ் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே 15ஐ அழையுங்கள். மருமகனுக்கும் அதைத்தான் சொன்னேன்: கிருமியின் பெயரை அல்ல, பிள்ளையின் மூச்சைப் பாருங்கோ.