கடைக்குப் பின்னால் ஓடும் ஒளிக்கோடுகள்

இரவுச் சாலையோரம் ஒரு தள்ளுவண்டி தோசைக்கடை. கடைக்காரர் தோசையைத் திருப்பும் கணம் துல்லியமாகப் பதிய வேண்டும். அவருக்குப் பின்னால் சாலையில் போகும் வண்டிகளோ வெள்ளையும் சிவப்புமான கோடுகளாக நீண்டு ஓட வேண்டும். இப்படியொரு படத்தை ஒரே கிளிக்கில் எடுப்பது அநேகமாக நடக்காது. கையின் அசைவை நிறுத்திப் பிடிக்க ஒரு நொடியில் மிகச் சிறு பங்கே போதும். சாலை நிறையக் கோடுகள் விழுவதற்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து தனித்தனியாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே இதற்கான வழி.

ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்தே வைத்தால் என்ன என்று தோன்றும். அசையாத பொருளின் வெளிச்சம் சென்சாரில் ஒரே இடத்தில் விழுந்து சேர்ந்துகொண்டே போகும். கடையின் பல்பும் பெயர்ப் பலகையும் தெருவிளக்கும் அந்த நேரத்தில் வெளுத்து, விவரமே இல்லாத வெள்ளைத் திட்டுகளாகிவிடும். ஓடும் வண்டியின் விளக்கு அப்படியல்ல. சென்சாரின் எந்தப் புள்ளியிலும் அது கணநேரமே தங்கிக் கடந்துவிடுகிறது. அதனால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கோட்டின் நீளம்தான் கூடும், பிரகாசம் கூடாது. கோட்டின் பிரகாசம் லென்ஸ் துவாரத்தையும் ஐ.எஸ்.ஓ அளவையும் பொறுத்தது. வண்டி மெதுவாகப் போனால் சற்றுக் கூடும். பின்னணியின் பிரகாசத்தில் இவற்றோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் தாமாக வந்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு நேரத்தை நீட்டுவது இங்கே ஏன் பாதித் தீர்வுதான் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: அது பின்னணியோடு சேர்த்துக் கோடுகளையும் மங்கவைத்துவிடும்.

முதலில் இடம். கடை இருக்கும் நடைபாதையிலேயே, வண்டிகள் போகும் திசையைப் பார்த்து, கடைக்குப் பின்னால் சாலை சாய்வாகத் தெரியும்படி முக்காலியை நிறுத்துவது நல்லது. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், அருகிலுள்ள தடத்தில் பின்விளக்குகளின் சிவப்பும், எதிர்த் தடத்தில் முகப்பு விளக்குகளின் வெள்ளையும் கிடைக்கும். கடைக்காரரின் தலை சாலைக்கு நேரே வராமல், கடையின் கூரைத் தார்ப்பாயோ இருண்ட சுவரோ பின்னணியாக அமையும் கோணம் கிடைத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம். ஃபோகஸைக் கடைமீது வைத்துக் கையால் பூட்டிவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் நிறம் மாறும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுவது வழக்கம்.

அடுத்து கடைக்காரருக்கான படம். ஒற்றை எல்.இ.டி. பல்பின் வெளிச்சத்தில் f/5.6, ஐ.எஸ்.ஓ 1600, 1/30 நொடி என்ற அளவு ஏறக்குறையச் சரியாக வரும் என்று வைத்துக்கொள்வோம். சட்டுவம் எழும் கணத்துக்காக இந்த அளவில் பல படங்கள் எடுத்துக்கொண்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கோடுகளுக்கான படங்களும் இதே பிரகாசத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒட்டும். ஐ.எஸ்.ஓவை 100க்கு இறக்கினால் வெளிச்சம் நான்கு முறை பாதியாகிறது. துவாரத்தை f/11க்குச் சுருக்கினால் இன்னும் இரண்டு முறை. ஆக மொத்தம் 64 மடங்கு இழப்பு. அதை ஈடுகட்ட நேரத்தை 64 மடங்காக்கினால் 1/30 நொடி, ஏறத்தாழ 2 நொடியாகிறது. f/11, ஐ.எஸ்.ஓ 100, 2 நொடி என்ற அளவில் 60 படங்களை இடைவிடாமல் எடுத்தால் இரண்டு நிமிடப் போக்குவரத்து கிடைத்துவிடும். கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் நேரத்தை நீட்டிப் பயனில்லை. துவாரத்தை f/8க்குத் திறந்து, நேரத்தை 1 நொடியாக்க வேண்டும்.

படத்துக்கும் படத்துக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் இந்த முறையின் பலவீனம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. தொடர் படப்பிடிப்பு முறையில் வைத்து, கேபிள் ரிலீஸின் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால், ஷட்டர் மூடித் திறக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆனாலும் கோட்டில் ஒரு மீட்டர் அளவே அறுபடும். அடுத்த வண்டியின் கோடு அதை மறைத்துவிடும். ஆனால் நீள் பதிவுக்கான இரைச்சல் நீக்கம் கேமராவில் இயங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே 2 நொடிக்கு ஒரு இருட்டுப் படத்தைக் கேமரா எடுக்கும். 22 மீட்டர் கோடு, 22 மீட்டர் வெறுமை என்று துண்டு துண்டாக வரும் படத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை மெனுவில் அணைத்துவிட வேண்டும். மஞ்சள் கோடு மட்டும் சீரான துண்டுகளாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அது திரும்பும் வண்டியின் இண்டிகேட்டர்.

போட்டோஷாப்பில் File > Scripts > Load Files into Stack வழியாக 60 படங்களையும் ஒரே கோப்பில் அடுக்குகளாகத் திறக்கலாம். அடியில் உள்ளதைத் தவிர எல்லா அடுக்குகளையும் Lighten என்ற கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். எல்லாப் படங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமுள்ளதை மட்டும் அது வைத்துக்கொள்ளும். தெருவிளக்கு 60 படத்திலும் ஒரே பிரகாசம் என்பதால் அப்படியே நிற்கும். கோடுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். Screen முறை வெளிச்சங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் படம் வெளுத்துவிடும். போட்டோஷாப் இல்லாதவர்கள் இலவசமான இமேஜ்மேஜிக்கில் ஒரே வரியில் இதைச் செய்யலாம்:

```
magick *.jpg -evaluate-sequence max trails.jpg
```

அதிக வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் இந்த விதி சில விசித்திரங்களையும் கொண்டுவரும். சிக்னல் கம்பத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே நேரத்தில் எரியும். ஓடும் எழுத்துப் பலகையில் எல்லா எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கும். சிக்னலில் நின்ற கார் கோடாகாமல் வெள்ளைக் குமிழாகும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் நடந்துபோன கருஞ்சட்டைக்காரர் காணாமலே போவார். வெள்ளைச் சட்டைக்காரரோ பல ஆவியுருக்களாகத் தெரிவார். எந்தப் படம் காரணம் என்று அறிய, அடுக்குகளின் கண் குறிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, அந்த அடுக்கை நீக்கிவிட வேண்டும். சிக்னல் கம்பத்துக்கு ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றில் அந்த இடத்தை மட்டும் மறைத்தால் போதும்.

கடைக்காரருக்கு நேர்வதும் இதேதான். இரண்டு நிமிடமும் அசைந்துகொண்டிருந்தவர் அடுக்கில் புகைபோலக் கலைந்திருப்பார். அவர் விலகிய நேரத்தில் விழுந்த சிவப்புக் கோடு அவருடைய தோளை ஊடுருவிப் போகும். அதனால் முன்பு எடுத்த 1/30 நொடிப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே Normal முறையில் வைத்து, அதற்குக் கறுப்பு முகமூடி போட்டு, கடையும் ஆளும் உள்ள பகுதியை மட்டும் வெள்ளைத் தூரிகையால் வெளிக்கொணர வேண்டும். தார்ப்பாயின் ஓரத்தில் கூர்மையான தூரிகையும், தோசைக்கல்லின் ஆவி இருக்கும் இடத்தில் மென்மையான தூரிகையும் தேவை. ஐ.எஸ்.ஓ 1600இல் எடுத்த பகுதியில் இரைச்சல் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், முகமூடியைத் திறந்த வானத்திலோ வெறும் சுவரிலோ முடிக்காமல், கடையின் சட்டம், தூண் போன்ற இயல்பான விளிம்பில் முடித்தால் ஒட்டு தெரியாது. கோடு தோளுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் அதே உயரத்தில் வெளிவருகிறதா என்பதை 100 சதவீத உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். தோளின் ஓரத்தில் சிவப்புக் கசிவு இருந்தால் முகமூடி ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் வெள்ளைத் தூரிகையைச் சிறிது வெளியே நகர்த்தினால் சரியாகிவிடும்.