நானூறும் இருநூற்று அறுபதும்

விளம்பரத்தைப் பார்த்த ஒருவர் படிவத்தில் பெயரையும் போன் எண்ணையும் நிரப்பி அனுப்பினால் மார்க்கெட்டிங் பிரிவின் கணக்கில் ஒரு லீட் சேர்கிறது. விற்பனைப் பிரிவு எண்ணுவது வேறு. சி.ஆர்.எம். மென்பொருளில் பதிவாகி, போனில் பேசி, வாங்க நினைப்பவர்தான் என்று தெரிந்த ஆள்தான் அங்கே லீட். முன்னது படிவக் கணக்கு, பின்னது ஆள் கணக்கு. இதை விற்பனைக் குழுவுக்கு விளக்க வருபவர் பொதுவாகப் பேசினால் எடுபடாது. ஒரு மாதத்தின் பட்டியலைப் பெயர் பெயராகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, அடுக்குமாடி வீடுகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் அக்டோபர் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்க்கெட்டிங் 400 என்கிறது, விற்பனை 260 என்கிறது. வித்தியாசம் 140 என்று உடனே சொல்லத் தோன்றும். அது சரியல்ல. விற்பனையின் 260 பேரில் 35 பேர் விளம்பரம் எதையும் பார்க்காமல் நேரே சைட்டுக்கு வந்தவர்கள், அல்லது பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள். இன்னும் 15 பேர் செப்டம்பர் கடைசியில் படிவம் கொடுத்து, அக்டோபரில் பதிவானவர்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் 210 பேர் மட்டுமே. ஆக, விளக்கம் சொல்ல வேண்டியது மார்க்கெட்டிங்கின் மீதி 190 லீட்களுக்கு. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதில் உள்ள ஆபத்து இதுதான். இரு எண்களும் தற்செயலாக ஒத்துப்போனால்கூட உள்ளே இருப்பவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம்.

190-இல் பெரிய பங்கு, 70, ஒரே ஆளின் மறுபதிவுகள். வீடு தேடுகிறவர் பேஸ்புக்கில் ஒரு படிவமும் வீட்டு மனை இணையதளத்தில் இன்னொன்றும் நிரப்புவது வழக்கம். எண்ணை ஒரு இடத்தில் +91 சேர்த்தும் மற்றோர் இடத்தில் சேர்க்காமலும் கொடுத்திருந்தால் விளம்பரப் பட்டியலில் அவர் இருவராகவே தெரிவார். கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் வைத்துப் பொருத்தினால் இந்த இரட்டைகள் வெளிவரும். அடுத்து 30 பேர் முந்தைய மாதங்களிலேயே சி.ஆர்.எம்.மில் இருந்தவர்கள். அவர்களுடைய புதிய விசாரணை பழைய பதிவோடு இணைந்துவிடுவதால் புது லீட் ஆவதில்லை.

இன்னும் 45 தள்ளுபடி: தவறான எண்கள், வேலை கேட்டவர்கள், புரோக்கர்கள். பேஸ்புக் படிவத்தில் பெயரும் எண்ணும் பயனரின் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பி நிற்கும். கைதவறித் தட்டினாலும் படிவம் போய்விடும். எப்போதோ கொடுத்த பழைய எண்ணும் அப்படியே போகும். அனுப்பும் முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இது குறையும். அப்போது மார்க்கெட்டிங்கின் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். அந்தப் பிரிவு தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

20 லீட்கள் தேதியால் நழுவியவை. அக்டோபர் 30 அன்று கூகுள் விளம்பரத்தைச் சொடுக்கியவர் நவம்பர் 2 அன்று படிவம் நிரப்பினால், கூகுளின் வழக்கமான அறிக்கை அவரைச் சொடுக்கிய நாளில், அதாவது அக்டோபரில், காட்டும். சி.ஆர்.எம். அவரை நவம்பரில் பதியும். இரண்டும் அதனதன் வழியில் சரி. படிவம் வந்த நாளையே இருவரும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இதுவரை சொன்ன 165-இல் எவர் மீதும் தவறில்லை. மிஞ்சும் 25 அப்படியல்ல. அவர்கள் உண்மையான ஆட்கள், சரியான எண் கொடுத்தவர்கள், ஆனால் சி.ஆர்.எம்.முக்கு வந்து சேரவே இல்லை, எவரும் அவர்களைக் கூப்பிடவும் இல்லை. “நீங்கள் கொடுத்த லீட்களைக் கூப்பிடுவதே இல்லை” என்று மார்க்கெட்டிங்கும், “எங்களுக்கு வரவே இல்லை” என்று விற்பனையும் சண்டையிடுவது இந்த 25-ஐப் பற்றித்தான். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அதை மறைத்து நிற்கின்றன.

இத்தகைய கசிவைக் கண்டுபிடிக்க, சேராத பெயர்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் மறுபதிவோ தள்ளுபடியோதான். ஒரே மூலத்திலிருந்து, அடுத்தடுத்த இரண்டு மூன்று நாட்களில் குவிந்திருந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. பேஸ்புக்கையும் சி.ஆர்.எம்.மையும் இணைத்திருப்பது பெரும்பாலும் ஓர் ஊழியரின் கணக்கு. அவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ வேலையை விட்டுப் போனாலோ அனுமதி செத்துவிடும், ஆனால் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேஸ்புக் இந்த லீட்களைப் பதிவிறக்க 90 நாட்கள்தான் அவகாசம் தருகிறது. கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் ஒத்துப்பார்க்கும் நிறுவனத்துக்கு, முதல் வாரத்தில் கசிந்த பெயர்கள் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கக்கூடும். வாரம் ஒருமுறை பார்த்தால், அந்த 25 பேரும் வேறு இடத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன் கூப்பிட்டுவிடலாம்.