டிவியில் பந்து ஏன் கலங்குகிறது?

பெரிய டிவி வாங்கி வைத்த வீடுகளில் முதல் கிரிக்கெட் மேட்ச் அன்றே ஒரு குறை காதில் விழும். பேட்ஸ்மேன் நின்றுகொண்டிருக்கும்போது அவர் சட்டையின் தையல்கூடத் தெரிகிறது. பந்து பவுண்டரியை நோக்கி ஓட, கேமராவும் அதன் பின்னாலேயே திரும்பியதும் விளம்பரப் பலகையின் எழுத்துகள் எல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடுகின்றன. “பழைய டப்பா டிவியில் இப்படி இருந்ததில்லையே” என்பார் வீட்டுப் பெரியவர். அவர் சொல்வது உண்மைதான். அசைவைத் தெளிவாகக் காட்டும் ஒரு விஷயத்தில் பிக்சர் டியூப் டிவி இன்றைய விலையுயர்ந்த ஓஎல்இடியையும் முந்தி நின்றது.

பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, ஓரிரு மில்லி வினாடிகளில் பெரும்பாலும் அணைந்துவிடும். அடுத்த முறை கற்றை வரும்வரை அந்த இடம் இருட்டுதான். எல்சிடியும் ஓஎல்இடியும் அப்படியல்ல. ஒரு படத்தைப் போட்டால் அடுத்த படம் வரும்வரை அதை அணைக்காமல் பிடித்து வைத்திருக்கும். நம் நாட்டு டிவி ஒளிபரப்பில் விளையாட்டுக் காட்சி வினாடிக்கு 50 முறை புதிதாகிறது. அப்படியானால் ஒவ்வொரு படமும் 20 மில்லி வினாடி நேரம் அசையாமல் திரையில் நிற்கிறது. நம் கண்ணோ நிற்பதில்லை. ஓடும் பந்தைத் தொடரும்போது அது விட்டுவிட்டுத் தாவாமல் ஒரே சீராக நகர்கிறது. கண் நகர, படம் நிற்க, அந்தப் படம் விழித்திரையின் மேல் இழுபடுகிறது. கலங்கல் பிறக்கும் இடம் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். கேமரா திரும்பும்போது விளம்பரப் பலகை ஒன்று திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 2 வினாடியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 61 சென்டிமீட்டர் வேகம். 20 மில்லி வினாடியில் உங்கள் பார்வை 1.2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பலகையில் உள்ள எழுத்தின் கோடு ஒவ்வொன்றும் அந்த அளவுக்கு அகலமாகத் தீற்றப்படும். அந்தக் கோட்டின் உண்மையான தடிமனே ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் எழுத்தைப் படிக்க வழியே இல்லை. டிவியின் தெளிவு 4கேயா 8கேயா என்பது இங்கே எடுபடாது.

கலங்கல் கண்ணின் நகர்வால் வருகிறது என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள். கண்ணால் அதைப் பின்தொடர்ந்தால் எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும். பிறகு திரையின் ஓரத்தில் உள்ள சேனல் சின்னத்தில் பார்வையை நிறுத்திக்கொண்டு, ஓடும் வரியைக் கடைக்கண்ணால் கவனியுங்கள். அந்தத் தீற்றல் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக எழுத்து படிப்படியாகத் தத்திப் போவது தெரியும். டிவி இரண்டு முறையும் காட்டியது ஒரே படத்தைத்தான்.

காரணம் இதுவென்றால் தீர்வும் இதிலேயே இருக்கிறது. படம் திரையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக டிவி செய்வதுதான் கறுப்புப் படம் செருகுவது. 20 மில்லி வினாடியில் முதல் 10 மில்லி வினாடிக்குப் படத்தைக் காட்டி, மீதி 10 மில்லி வினாடிக்குத் திரையை இருட்டாக்கிவிடுகிறது. ஓஎல்இடியில் புள்ளிகளே அணைகின்றன. எல்சிடியில் பின்னால் உள்ள விளக்கு அணைந்து எரிகிறது. நம் கணக்கில் 1.2 சென்டிமீட்டர் தீற்றல் 6 மில்லிமீட்டராகச் சுருங்கும். கால் பங்கு நேரம் மட்டும் காட்டினால் 3 மில்லிமீட்டர். பலகையின் பெயரைப் படித்துவிடலாம்.

இதற்கு விலை வெளிச்சம். இவ்வளவு வேகமாக அணைந்து எரிவதைக் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, சராசரியைத்தான் உணர்கிறது. பாதி நேரம் எரிந்தால் பாதி வெளிச்சம், கால் நேரம் எரிந்தால் கால் வெளிச்சம். கலங்கல் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் வெளிச்சமும் குறையும், தப்பிக்க வழியில்லை. எல்சிடியில் விளக்கை எரியும் நேரத்தில் கூடுதலாக எரியவிட்டு ஓரளவு ஈடுகட்டலாம். ஓஎல்இடியில் அதற்கு இடம் குறைவு. திரை முழுதும் பச்சைப் புல்வெளி நிறைந்த காட்சியில் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த அது ஏற்கெனவே வெளிச்சத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது.

ஆனால் பாதி வெளிச்சம் என்பது கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. நம் கண்ணின் கணக்கு வேறு. இருட்டறையில் வெளிச்சத்தைச் சரிபாதியாகக் குறைத்தாலும் அது பழையதில் முக்கால் பங்கு இருப்பதாகவே தோன்றும். இரவில் ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறவருக்கு இந்த இழப்பு பெரிதாக உறைக்காது. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் ஹாலில் கதையே வேறு. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புகிறது. அது ஒரு துளியும் குறையாது. அதோடு போட்டிபோட வேண்டிய படத்தின் வெளிச்சம் மட்டும் பாதியாகிவிடும். கறுப்பு சாம்பலாகி, புல்வெளி வெளிறி, நிழலில் நிற்கும் ஃபீல்டர் காணாமல் போவார். எச்டிஆர் காட்சிகளில் இழப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். எச்டிஆரின் அழகே உச்ச வெளிச்சத்தில்தானே இருக்கிறது!

அடுத்த தொல்லை, மினுக்கல். வினாடிக்கு 50 முறை அணைந்து எரியும் திரை பலர் கண்ணுக்குத் துடிப்பதாகவே தெரியும். வெளிச்சமான, பெரிய பரப்பில் அது கூடும்; கடைக்கண்ணில் இன்னும் கூடும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒளிபரப்பு 60 என்ற கணக்கில் நடப்பதால் அங்கே துடிப்பு சற்றுக் குறைவு. அந்நாட்டவர் பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டு நம் ஊரில் இதை இயக்கிப் பார்த்தால் ஏமாற்றம் வருவதற்கு இது ஒரு காரணம். அரை மணி நேரத்தில் தலை வலித்தாலோ கண் எரிந்தாலோ யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். பழகிவிடும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. அமைப்பை இயக்கியதும் கலங்கல் போய், பந்து இரண்டாகத் தெரிகிறது. பவுண்டரிக் கயிறும் இரட்டைக் கோடாகிறது. டிவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். செயலி வழியாக வரும் மேட்ச் சில நேரம் வினாடிக்கு 25 படமாகத்தான் வரும். டிவி ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டுகிறது. இடையில் இருட்டு விழுவதால் ஒரே படம் இரண்டு பளிச்சுகளாகப் பிரிகிறது. அதற்குள் நகர்ந்துவிட்ட கண்ணில் அவை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் விழுகின்றன. வரும் படங்களின் எண்ணிக்கையும் திரை பளிச்சிடும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். 24 படக் கணக்கில் எடுக்கப்படும் சினிமாவுக்கு இது உதவாததும் அதனால்தான். டிடிஎச் இணைப்பில் தெளிவாகத் தெரியும் அதே மேட்ச், செயலியில் இரட்டையாகத் தெரிந்தால் குற்றம் வரும் படத்தில்தான்.

கேமராவிலேயே பதிவான கலங்கலையும் எந்த அமைப்பாலும் போக்க முடியாது. மாலை வெளிச்சம் குறையும்போது ஒளிப்பதிவாளர் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் வேகப்பந்து படத்திலேயே கோடாகப் பதிந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? காட்சியை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய படத்திலும் பந்து நீண்டிருந்தால் அது கேமராவின் வேலை. நிறுத்தியதும் பந்து உருண்டையாகத் தெரிந்தால் மட்டும் உங்கள் டிவியால் ஏதாவது செய்ய முடியும்.

வெளிச்சத்தைச் செலவழிக்காத இன்னொரு வழியும் டிவியில் இருக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய படத்தை டிவியே ஊகித்து வரைந்து செருகுவது அது. 50 படம் 100 ஆனால் ஒவ்வொன்றும் நிற்கும் நேரம் 10 மில்லி வினாடி. பாதி இருட்டு தரும் அதே பலன், வெளிச்சம் குறையாமல். ஊகம் தவறும்போது பேட்டைச் சுற்றி ஒரு நடுக்கம் தெரியும். சின்னப் பந்து நொடிப்பொழுது மறைந்தும் போகும். சினிமாவில் இது சீரியல் வாடையைக் கொண்டுவந்துவிடும். நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018-ல் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டே கேட்டுக்கொண்டார்கள். சினிமாவுக்கு அவர்கள் சொன்னது சரி. விளையாட்டுக்கு அளவோடு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. வீடியோ கேம் ஆடுபவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். ஊகிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி விழும். கேம் வினாடிக்கு 60 படம் தடையில்லாமல் தருமானால் அவர்களுக்குக் கறுப்புப் படம்தான் ஏற்றது.

மெனுவில் இந்த அமைப்புக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர். எல்ஜி ஓஎல்இடியில் TruMotion பகுதிக்குள் OLED Motion என்று இருக்கும். சோனியில் Motionflow பகுதியில் Clearness. சாம்சங்கில் LED Clear Motion. எல்ஜியின் 2021-ம் ஆண்டு C1 டிவியில் வினாடிக்கு 120 முறை கறுப்பைச் செருகும் வசதி இருந்தது. அடுத்த ஆண்டு வந்த C2-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் புதிய மாடலில் கட்டாயம் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

என் கணிப்பு இது. பகல் மேட்சுக்கு ஊகப் படத்தைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, கறுப்புப் படத்தை அணைத்தே வையுங்கள். இரவில் விளக்கைக் குறைத்துவிட்டு, வினாடிக்கு 50 படம் வரும் ஒளிபரப்பில், கறுப்புப் படத்தை முதல் படியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். கூடவே ஓஎல்இடியின் ஒளி அளவையோ எல்சிடியின் பின்விளக்கையோ ஏற்றிக்கொள்ளுங்கள். பல டிவிகளில் Brightness என்ற பெயரில் இருப்பது கறுப்பின் அளவை மாற்றும் அமைப்பு. அதை ஏற்றினால் வெளிச்சம் கூடாது, படம்தான் வெளிறும். டிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்தி வரியை ஓடவிட்டு, இந்த அமைப்பை இயக்கியும் அணைத்தும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை படி இருக்கிறது, 50 படக் கணக்கில் துடிக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.