வார்டில் விழுந்த நோயாளி: அறிக்கை எதைக் கேட்க வேண்டும்?

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த முதியவர் இரவு 2.10க்கு கழிப்பறை வாசலில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூலகாரண அறிக்கையின் முதல் பகுதியில் நடந்தது மட்டும் நேர வரிசையில் வரவேண்டும்: 1.00க்கு வலி ஊசி, 1.50க்கு அழைப்பு மணி, 2.10க்கு விழுந்தது. ‘நோயாளி சொன்னதைக் கேட்கவில்லை’ என்பது தீர்ப்பு. அங்கே அதற்கு இடமில்லை.

அடுத்து ‘ஏன்?’ ஏன் தனியாக எழுந்தார்? மணியடித்தும் யாரும் வரவில்லை; இருந்த ஒரே நர்ஸ் இன்னொரு நோயாளிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். இவருக்கு விழும் அபாயம் அதிகம் என்று ஏன் தெரியவில்லை? அட்மிஷன் அன்று மதிப்பிட்டதோடு சரி. ஆபரேஷனுக்குப் பின் மறுபடி மதிப்பிடப் படிவத்தில் கட்டமே இல்லை. வேர் இங்கே இருக்கிறது.

‘ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று முடியும் அறிக்கை எனக்குக் கவலை தரும். புதிய கட்டம், அதற்குப் பொறுப்பானவர், கெடு தேதி, பிறகு எத்தனை படிவங்களில் அது நிரப்பப்பட்டிருக்கிறது என்ற கணக்கு, இவ்வளவும் அதில் வேண்டும். நர்ஸின் பெயர் மட்டும் வேண்டாம்.