செவிலியர் டூட்டி சார்ட்: மணிக் கணக்கை எக்ஸெல் பார்க்கட்டும்

மருத்துவமனையில் செவிலியர்களுக்கு டூட்டி போடும் விதிகள் ஒரே தாளில் இருப்பதில்லை. ஷிப்ட் நேரம் ஒரு சுற்றறிக்கையில் இருக்கும். இரவுப் பணிக்கான விதி இன்னொன்றில் இருக்கும். தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜாக உள்ள என் உறவினருக்காக, இவற்றை எக்ஸெல் தொகுப்பில் சுருக்கமாக அமைத்துக் கொடுத்தேன். அந்த வழியை இங்கு பார்க்கலாம்.

முதலில் சுற்றறிக்கைகளைப் படித்து, நேரம், நாள், எண்ணிக்கை வரும் வரிகளை மட்டும் தனியே எழுதவும். எங்களுக்குக் கிடைத்தவை மூன்று விதிகள். வாரத்திற்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 3 இரவுகளுக்கு மேல் போடக் கூடாது. கடைசி இரவுக்கு அடுத்த நாள் ஓய்வு தர வேண்டும். ஒவ்வொரு விதியின் அருகிலும் சுற்றறிக்கையின் தேதியைக் குறிக்கவும். இரண்டு சுற்றறிக்கைகள் முரண்பட்டால், எது பிந்தையது என்பது உடனே தெரியும்.

அடுத்து ஷிப்ட் அட்டவணை. A நெட்டு வரிசையில் குறியீடு, B-யில் தொடக்கம், C-யில் முடிவு எனத் தரவும். காலை M என்பது 8:00 முதல் 14:00. மாலை E என்பது 14:00 முதல் 20:00. இரவு N என்பது 20:00 முதல் மறுநாள் 8:00. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் இரவுக்கு மட்டும் ###### எனக் காட்டும். நள்ளிரவைத் தாண்டுவதால் விடை மைனஸில் வருவதே காரணம். எனவே D2 செல்லில் இந்த பார்முலாவை அமைத்து, கீழே உள்ள செல்களுக்கும் காப்பி செய்திடவும்.

```
=MOD(C2-B2,1)*24
```

விடை 0:00 எனத் தெரிந்தால் Format Cells சென்று Number எனத் தேர்ந்தெடுக்கவும். இப்போது 6, 6, 12 எனக் கிடைக்கும்.

இனி இன்னொரு ஒர்க் ஷீட்டில் A-யில் பெயரும், B முதல் H வரை திங்கள் முதல் ஞாயிறு வரையிலான குறியீடுகளும் தரவும். I2 செல்லில் வார மொத்தம் கிடைக்கும்.

```
=6*COUNTIF(B2:H2,"M")+6*COUNTIF(B2:H2,"E")+12*COUNTIF(B2:H2,"N")
```

ஒருவருக்கு M, M, E, N, N, N, OFF எனப் போட்டிருந்தார்கள். மூன்றே இரவுகள், அடுத்த நாள் ஓய்வு. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் மொத்தம் 54 எனக் காட்டியது. 6 மணி நேரம் அதிகம். செவ்வாய்க்கிழமை M-ஐ OFF என மாற்றியதும் 48 ஆனது.

இரவுக்குப் பின் ஓய்வு உள்ளதா என்பதை J2 செல்லில் சோதிக்கலாம்.

```
=SUMPRODUCT((B2:G2="N")*(C2:H2<>"N")*(C2:H2<>"OFF"))
```

விடை 0 என்றால் விதி மீறப்படவில்லை. ஆனால் இது ஒரு வாரத்திற்குள் மட்டுமே பார்க்கும். ஞாயிறு இரவுப் பணி முடிந்து வருபவருக்குத் திங்கள் காலை டூட்டி போட்டிருந்தால் தெரியாது. எனவே புதிய வாரம் தொடங்கும்போது, முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் N குறியீடுகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடவும்.