நிறுத்தச் சொன்னால் பிரிண்டர் உடனே நிற்குமா?

வீட்டில் ஒரு முப்பரிமாண பிரிண்டர் பூச்சாடி ஒன்றை அச்சிட்டுக்கொண்டிருக்கிறது. மொத்தம் 14 மணி நேர வேலை, அதில் 5 மணி நேரம் முடிந்துவிட்டது. பிரிண்டருக்குச் சொந்தக்காரர் அலுவலகத்தில் இருக்கிறார். கேமரா அனுப்பிய படத்தில் பிளாஸ்டிக் இழைச் சுருளில் சிக்கு விழுந்திருப்பது தெரிகிறது. இன்னும் சில நிமிடங்களில் இழை இறுகி, பிரிண்டர் வெறும் காற்றில் படம் வரைய ஆரம்பித்துவிடும். ரத்து செய்தால் 5 மணி நேர உழைப்பும் குப்பைக்குப் போகும். அவருக்கு வேண்டியது, வீட்டுக்குப் போய்ச் சிக்கை எடுக்கும்வரை பிரிண்டர் அப்படியே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனை எடுத்து டெலிகிராமில் தன்னுடைய பாட் கணக்குக்கு `/togglepause` என்று அனுப்புகிறார்.

அந்த ஒரு சொல் பிரிண்டர்வரை போய்ச் சேர்வதற்கு நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று ஆக்டோபிரிண்ட். ஜெர்மனியைச் சேர்ந்த ஜீனா ஹாய்ஸ்கெ 2012இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. பெரும்பாலும் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் ஓடும், பிரிண்டரோடு யூஎஸ்பி வயரில் பேசும். இன்னொன்று டெலிகிராமின் சர்வர். பாட் எழுதும் வசதியை டெலிகிராம் 2015 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இரண்டையும் இணைக்க ஆக்டோபிரிண்ட்டுக்கு ஒரு பிளகின் இருக்கிறது, மேலே சொன்ன கட்டளை அதில் வருவதுதான்.

வீட்டு இணையத்துக்குள் வெளியாள் யாரும் நுழைய வழி திறந்து வைக்காமலே இது நடக்கிறது என்பதுதான் இதில் அழகு. டெலிகிராம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வீட்டிலிருக்கும் பாட்தான் டெலிகிராமை அழைத்து, "எனக்குக் கடிதம் வந்திருக்கிறதா?" என்று கேட்டபடியே இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செய்தி வந்த நொடியில் பதில் கிடைக்கிறது. ரவுட்டரில் எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் பாட்டின் பெயர் தெரிந்த எவரும் அதற்குச் செய்தி அனுப்பலாம். ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் எண் அடையாளம் வரும். அது சொந்தக்காரரின் எண்தானா என்று பார்ப்பது பாட்டின் பொறுப்பு. பார்க்கக்கூடிய பெயரை வைத்துச் சோதிப்பது வீண், பெயரை யாரும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

கட்டளை வந்து சேர்ந்ததும் ஆக்டோபிரிண்ட் என்ன செய்கிறது? பிரிண்டரிடம் "நில்" என்று சொல்லுவதில்லை. வரி வரியாக அனுப்பிக்கொண்டிருந்த நகர்வுக் கட்டளைகளை அனுப்பாமல் விடுகிறது. பிரிண்டரின் நினைவகத்தில் ஏற்கெனவே சில நகர்வுகள் வரிசையில் நிற்கும், அவற்றை முடித்த பிறகே தலைப்பகுதி நிற்கும். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் கட்டளை போய்ச் சேரவில்லை என்று நினைத்துவிடும் இடைவெளி இதுதான்.

நின்ற பிறகு தொல்லை வேறு விதத்தில் வருகிறது. சுமார் 200 டிகிரி சூட்டில் இருக்கும் நாசில் பூச்சாடியின் மேலேயே நிற்கிறது. ஹீட்டர் அணையவில்லை. உருகிய பிளாஸ்டிக் துளித் துளியாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கட்டியாக உறைகிறது. அதனால் இடைநிறுத்தம் நடந்ததும் ஓட வேண்டிய வரிகளை ஆக்டோபிரிண்ட்டின் அமைப்புப் பக்கத்தில் எழுதி வைக்கலாம்:

```
G91
M83
G1 Z+5 E-5 F4500
M82
G90
G1 X0 Y0
```

மூன்றாவது வரிதான் முக்கியம்: நாசிலை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கு, இழையை 5 மில்லிமீட்டர் பின்னுக்கு இழு. கடைசி வரி தலைப்பகுதியை மூலைக்குக் கொண்டுபோய்விடும். மற்றவை அளவுகளை எங்கிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லும் வரிகள். நின்ற இடத்தின் ஆயங்களை ஆக்டோபிரிண்ட் குறித்து வைத்திருக்கும். வேலை தொடரும்முன் ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட்டில் அந்த ஆயங்களைக் கேட்டு வாங்கி, நாசிலைப் பழைய புள்ளிக்கே கொண்டுவர வேண்டும். முதல் ஸ்கிரிப்ட்டை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் உண்டு. அவர்கள் பிரிண்டர் மூலையிலிருந்து பூச்சாடிவரை காற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வரும்.

இப்போது அந்தக் கட்டளையின் பெயருக்கு வருவோம். `/togglepause` என்பது ஓடினால் நிறுத்தும், நின்றால் ஓட்டும். பக்கத்தில் நின்று அழுத்தும் பொத்தானுக்கு இது சரி. தூரத்திலிருந்து அனுப்பும் செய்திக்கு இது ஆபத்து. நம் அலுவலகக்காரருக்கு சிக்னல் மந்தம். பதில் வரவில்லை என்று இரண்டாவது முறையும் அனுப்புகிறார். இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர்கின்றன: பிரிண்டர் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது, சிக்கு விழுந்த இழையோடு.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. மதியம் 12:10க்குச் செய்தி அனுப்பும்போது வீட்டில் இணையம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் நேரில் போய்ச் சிக்கை எடுத்து, எல்லாம் சரி என்று அலுவலகம் திரும்புகிறார். 2 மணிக்கு இணையம் வருகிறது. பாட் எடுக்காத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம்வரை வைத்திருக்கும். 12:10 செய்தி 2 மணிக்கு வந்து இறங்கி, நன்றாக ஓடும் பிரிண்டரை நிறுத்திவிடும்.

சொந்தமாக பாட் எழுதுபவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்துவிடலாம். ஆக்டோபிரிண்ட் தன் வெளிவாசல் வழியாக, "நிறுத்து", "தொடர்", "மாற்று" என்ற மூன்றையும் தனித்தனியாகவே ஏற்றுக்கொள்கிறது:

```
if msg["from"]["id"] != OWNER: return
if time.time() - msg["date"] > 60: return
if msg["text"] == "/pause":
    send_job({"command": "pause",
              "action": "pause"})
```

`action` என்ற இடத்தில் `pause` இருப்பதால், பத்து முறை அனுப்பினாலும் நின்ற பிரிண்டர் நின்றபடியே இருக்கும். இரண்டாவது வரி, 60 நொடிக்கு மேல் பழையதான செய்தியைத் தள்ளிவிடுகிறது. `/resume` தனிக் கட்டளை. இந்த 60 என்ற எண் வேதவாக்கு அல்ல, சிக்னல் மோசமான இடத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தள்ளிவிட்ட செய்திக்கும் "காலாவதி" என்று ஒரு பதில் அனுப்புவது நல்லது, இல்லையென்றால் மனிதர் திரும்பத் திரும்பத் தட்டுவார். அதேபோல "சரி" என்று மட்டும் பதில் சொல்லும் பாட் அரைகுறை. பிரிண்டரின் இப்போதைய நிலை, நாசில் சூடு, ஒரு புதிய படம், இந்த மூன்றும் பதிலில் இருந்தால்தான் உண்மையில் நின்றதா என்று தெரியும்.

தொடரச் சொல்வதற்குமுன் அந்தப் படத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அடித்தட்டு ஆறிப்போயிருந்தால் பூச்சாடி தானாகவே பெயர்ந்திருக்கலாம். சில பிரிண்டர்கள் நெடுநேரம் அசையாவிட்டால் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது தலைப்பகுதி கை பட்டால்கூட நகரும், ஆனால் பிரிண்டர் பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பித் தொடரும். அடுத்த அடுக்கு ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், நிறுத்திய அடுக்கில் சாடியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரியக்கூடும்.

புகை தெரிந்தால் இந்தக் கட்டளையை நம்பவே கூடாது, ஏனென்றால் இடைநிறுத்தம் ஹீட்டரை அணைப்பதில்லை. அதற்கு `M112` என்ற அவசர நிறுத்தம் தனியாக இருக்கிறது. அது வேலையைக் கொன்றுவிடும், திரும்பத் தொடர முடியாது. நின்றிருக்கும் நேரத்தில் மின்சாரம் போய் ராஸ்பெரி பை மறுபடி எழுந்தாலும் கதி அதேதான்: எங்கே நின்றது என்ற குறிப்பு அதன் தற்காலிக நினைவில் மட்டுமே இருந்ததால், `/resume` அனுப்பினால் தொடர்வதற்கு அங்கே எந்த வேலையும் இருக்காது.